சண்டை இல்லாத தொகை

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்துக்குத் தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆபத்து அதிகம். முழுக்க நீருக்குள் கிடக்கும்வரை இரும்புக்குக் காற்று அவ்வளவாகப் படாது. தண்ணீர் இறங்கி, வெயில் அடித்து, மேலே ஒட்டிய சேறு காய ஆரம்பித்ததும் துரு ஓடுகிற வேகம் இருக்கிறதே, பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் பளபளத்த தண்டு சாயங்காலம் செம்மண் பூசியதுபோல நிற்கும். அந்த வேளையில் இயந்திரத்தைப் பிரித்து, கழுவி, எண்ணெய் போட ஆளும் பணமும் வேண்டும். ஆள் கிடைத்துவிடும். பணம்தான் கிடைக்காது. அது காப்பீட்டு நிறுவனத்தின் கோப்புக்குள் இருக்கும், கோப்பு சர்வேயரின் பையில் இருக்கும்.

அந்தப் பையைப் பல வருடம் சுமந்தவன் நான். சர்வேயர் என்றதும் எங்கள் தெருவில் பலர் என்னை நிலம் அளப்பவன் என்றே நினைத்தார்கள். பட்டா மாறுதலுக்கு என்ன செலவாகும் என்று வாசலில் வந்து கேட்டவர்கள் உண்டு. நான் அளந்தது சேதத்தை. தீ, வெள்ளம், புயல், கப்பலில் நசுங்கிய பெட்டி என்று எது நடந்தாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பென்றால் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று 1938-ஆம் வருடத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவு சொல்கிறது. அந்த அறிக்கை வந்தால்தான் நிறுவனம் பணத்தைப் பற்றி யோசிக்கவே தொடங்கும்.

பெரிய சேதத்தில் அந்த அறிக்கை சீக்கிரம் வராது. சர்வேயர் சோம்பேறி என்பதால் மட்டுமல்ல (சிலர் அப்படியும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்). இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே எது போயிற்று என்று தெரியும். பிரிக்கிற கம்பெனி ஆள் பெங்களூரிலிருந்தோ புனேயிலிருந்தோ வர வேண்டும். நனைந்த சரக்கை விற்றால் என்ன தேறும் என்று ஏலம் விட்டுப் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகங்களே நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனையும் முடிந்து கடைசி எண் வர ஆறேழு மாதம் ஆவது சாதாரணம்.

இந்த இடைவெளிக்கென்றே எங்கள் தொழிலில் பழைய வழி ஒன்று உண்டு. ஆன் அக்கவுண்ட் பேமெண்ட் என்போம். இறுதிக் கணக்கு வருமுன், எப்படிப் பார்த்தாலும் இவ்வளவு தந்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்த தொகையிலிருந்து ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது. பின்னால் இறுதித் தொகையில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இது கடனும் அல்ல, தயவும் அல்ல. அதே சமயம் சாதாரண பாலிசியில் இது கட்டாய உரிமையாகவும் எழுதப்பட்டிருக்காது. பெரிய ஆலைகள் எடுக்கும் பாலிசிகளில் இதற்கென்று தனி ஷரத்து சேர்த்து வாங்குவார்கள். மற்றவர்களுக்கு, கேட்டால் கிடைக்கலாம். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்பணத்துக்குச் சிபாரிசு எழுதுகிற மூத்த சர்வேயர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரமாக இருக்கும். கறாராக இருப்பதை அந்த வயதில் ஒரு நகைபோலப் போட்டுக்கொண்டு திரிந்தேன். முழுக் கணக்கும் முடியாமல் ஒரு பைசா எழுத மாட்டேன் என்று சொல்வதில் அப்படியொரு மிடுக்கு. மீசை நரைத்த பெரியவர் ஒருவர், "தம்பி, மொத்தம் எவ்வளவுன்னு தெரியாம இருக்கலாம். இதுக்குக் குறையாதுங்கிறதாவது தெரியும்ல?" என்று கேட்டார். அன்று எனக்கு அது சாமர்த்தியப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் முன்பணம் என்கிற ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் அப்போது தொழிலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்டேன். டிசம்பர் 1-ஆம் தேதி இரவும் மறுநாளும் அடையாற்றில் வந்த வெள்ளம், கரையோரத்துத் தொழிற்கூடங்களுக்குள் ஆள் உயரத்துக்குப் புகுந்தது. ஈக்காட்டுதாங்கல் பக்கம் வாடகை ஷெட்டில் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ஒருவர், எங்கள் மருந்துக்கடைக்காரரின் மைத்துனர், ஜனவரி தொடக்கத்தில் என்னைத் தேடி வந்தார். மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிறவர். ஆறு இயந்திரங்கள். ஆறிலும் ஐந்தடிக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது.

கையில் ஒரு கடிதத்தின் நகல் வைத்திருந்தார். டிசம்பர் நடுவில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் எழுதியது. பதிலே வரவில்லை. வாங்கிப் படித்தேன். தொழிலாளிகளுக்குச் சம்பளம் தர முடியவில்லை, குழந்தைகளின் பள்ளிக் கட்டணம், வட்டி, அப்பா ஆரம்பித்த தொழில் என்று இரண்டு பக்கம். கடைசியில், என் மொத்தச் சேதம் 1 கோடியே 60 லட்சம், அதில் பாதியான 80 லட்சத்தை உடனே தந்து உதவுங்கள் என்று இருந்தது.

"இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல சார்" என்றார்.

பொய் இல்லைதான். ஆனால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி என்ன செய்ய முடியும்? கோப்பில் அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவருக்கும் மேலே ஒருவர், அந்த ஒருவருக்கும் மேலே தணிக்கைக்காரர். பள்ளிக் கட்டணத்தைக் காரணம் காட்டி 80 லட்சம் கொடுத்தேன் என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வராது. மொத்தச் சேதத்தில் பாதி என்பதும் அவருக்குப் பயன்படாது. அந்த மொத்தமே இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாதது. ஒப்புக்கொள்ளாத ஒன்றில் பாதியும் ஒப்புக்கொள்ளாததுதான்.

"இந்த 1 கோடி 60 லட்சத்துல, சர்வேயர் உங்களோட சண்டை போடாத தொகை எது தம்பி?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. பொறுப்பு யாருடையது என்பதிலேயே தகராறு இருந்தால் முன்பணம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. பிரீமியம் சேதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் பார்ப்பார்கள். பணம் வராமல் பாலிசி உயிர் பெறாது என்பது 64விபி பிரிவு. வெள்ளம் பாலிசியில் இருக்கிறதா? ஷெட்டின் முகவரி பாலிசியில் உள்ள முகவரிதானா? மாற்றிய இடத்தைத் தெரிவிக்காமல் விட்டவர்கள் அந்த வருடம் பட்ட பாடு தனிக் கதை. இவருக்கு மூன்றும் சரியாக இருந்தன. ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசி, வெள்ளமும் சேர்த்து. இயந்திரங்கள் 2 கோடிக்கு, சரக்கு 60 லட்சத்துக்கு.

இனி சேதத்துக்கு வருவோம். ஆறு இயந்திரங்களில் நான்கு புதியவை. அவற்றைச் செய்த கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, பழுது நீக்க 48 லட்சம் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார். கண்ட்ரோல் பேனல், செர்வோ மோட்டார், ஹைட்ராலிக் பம்ப் என்று பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு எழுதியிருந்தார். மற்ற இரண்டும் பழைய இயந்திரங்கள். இனி உதவாது, புதிதாக வாங்கித் தாருங்கள் என்று இவர் 72 லட்சம் கேட்டிருந்தார். சரிசெய்யலாம் என்பது சர்வேயரின் கட்சி. எது சரி என்பது பிரித்துப் பார்க்காமல் தெரியாது. பட்டறையில் கிடந்த அச்சுகளில் 6 லட்சம் பெறுமானம் இவருடையதே அல்ல. வாடிக்கையாளர் கொடுத்து வைத்தவை. அடுத்தவர் பொருளுக்குப் பாலிசி பேசுமா என்பது வாசகத்தைப் பொறுத்தது.

சரக்கிலும் இரண்டு ரகம். 14 லட்சம் ரூபாய்க்கு அட்டைப்பெட்டிகளில் மூடிகள் தயாராக இருந்தன. சாக்கடை கலந்த ஆற்று நீரில் ஊறிய மூடியை எந்த மருந்துக் கம்பெனியும் வாங்காது. அரைத்துத் தூளாக விற்றால் 2 லட்சம் தேறலாம். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. மூலப்பொருள் 20 லட்சத்துக்கு இருந்தது. அதில்தான் இழுபறி. பாலிப்ரொப்பிலீன் குருணை தண்ணீரை உறிஞ்சாது. கழுவி உலர்த்தினால் கணிசமாக மீட்கலாம் என்றார் சர்வேயர். கழுவினாலும் சேற்று வாடை போகாது, மருந்து மூடிக்கு ஆகாது என்றார் இவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் கிழிந்து சேற்றோடு கலந்துபோன மூட்டைகளும், ஈரம் குடிக்கிற நைலான் மூட்டைகளும் சேர்ந்து 6 லட்சம் பெறும், அது போனது போனதுதான் என்பதைச் சர்வேயரே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆக, பழைய இயந்திரங்களை ஒதுக்கினோம். அச்சுகளை ஒதுக்கினோம். மூலப்பொருளில் 14 லட்சத்தை ஒதுக்கினோம். ஒவ்வொன்றாக ஒதுக்கும்போது அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. "விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா சார்?" என்றார். இல்லை. கேட்பு முழுசாக அப்படியேதான் நிற்கிறது. இன்றைக்குப் பேசுவது எது, பின்னால் பேசுவது எது என்றுதான் பிரிக்கிறோம். கடிதத்திலும் அதை ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். மற்ற இனங்களின் கேட்பு தொடர்கிறது, அவற்றை இந்த முன்பணக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் என்று.

அடுத்து, நிறுவனம் கழிக்கப் போகிறதை நாமே கழிப்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் முரண்டு பிடிப்பார்கள். நமக்கு எதிரான கணக்கை நாமே ஏன் எழுத வேண்டும் என்பார்கள். ஏனென்றால், நாம் எழுதாவிட்டால் அதிகாரி எழுத வேண்டும். அவர் எழுதுவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும், எழுதும்போது பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கழிப்பார்.

இயந்திரங்கள் புதுப்பிப்பு மதிப்பில் காப்பீடு செய்யப்பட்டவை. அதாவது தேய்மானம் பிடிக்காமல் தருவோம் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தச் சலுகை வேலையை முடித்த பிறகுதான். பழுது பார்த்து, பணம் செலவழித்துக் காட்டும்வரை தேய்மானம் போக உள்ள தொகைக்கு மேல் தர நிறுவனம் கட்டுப்பட்டதல்ல. பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் அவகாசம் வாங்க வேண்டும் என்றும் அந்த ஷரத்திலேயே இருக்கிறது. ஆகவே 48 லட்சத்தில் தேய்மானமாக 12 லட்சத்தை இப்போதைக்குக் கழித்து 36 லட்சம் என்று வைத்தோம்.

சரக்கில் இன்னொரு சங்கடம். வெள்ளத்தன்று ஷெட்டில் இருந்த சரக்கு, புத்தகத்தின்படி 80 லட்சம். காப்பீடு 60 லட்சத்துக்குத்தான். முக்கால் பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார் என்றால் இழப்பிலும் முக்கால் பங்குதான் கிடைக்கும். குறைக் காப்பீடு என்பது இதுதான். மூடி 14 லட்சத்தில் தூள் விலை 2 லட்சம் போக 12. மூலப்பொருள் 6. மொத்தம் 18. அதில் முக்கால் பங்கு பதின்மூன்றரை லட்சம்.

36-ம் பதின்மூன்றரையும் சேர்ந்தால் நாற்பத்தொன்பதரை லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 5 சதவீதம் பாலிசிதாரர் தலையில் என்பது இந்த அளவு பாலிசிக்கு அன்றிருந்த விதி. அதையும் எடுத்தால் 47 லட்சம்.

1 கோடியே 60 லட்சத்தில் தொடங்கி 47-க்கு வந்து நின்றபோது அவர் மனைவி, "இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்" என்றார். அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த 47 லட்சம் எப்படிப்பட்டதென்றால், சர்வேயர் நாளைக்கே கோபித்துக்கொண்டு மிகக் கஞ்சத்தனமாக ஒரு அறிக்கை எழுதினாலும் இதற்குக் கீழே போக அவருக்கு லேசில் வழியில்லை. அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டாரே, இதற்குக் குறையாது என்று தெரியுமல்லவா என்று, அதற்குப் பதில் இதுதான்.

இந்த 47-ஐயும் முழுசாகத் தர மாட்டார்கள். பாதியிலிருந்து முக்கால் வரை தருவது வழக்கம். கையில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வது கெட்ட எண்ணமல்ல. பின்னால் புதுக் கழிவு ஏதாவது முளைத்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற தர்மசங்கடம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக. நாங்கள் 60 சதவீதம் கேட்டோம், ரவுண்டாக 28 லட்சம்.

கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்தது. நிறுவனத்துக்கு எழுதி, சர்வேயருக்கு நகல். இதை மாற்றிச் செய்கிறவர்கள் உண்டு. சர்வேயரையே துரத்துவார்கள். சர்வேயர் சிபாரிசுதான் செய்ய முடியும், காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் அல்ல. ஆனால் அவர் இடைக்கால அறிக்கை கொடுக்காமல் அந்தக் கையெழுத்தும் விழாது. இருவரும் ஒரே நாளில் ஒரே காகிதத்தைப் பார்க்க வேண்டும். கடிதத்தோடு பட்டியலை வைத்தோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான சான்று: கம்பெனி எஸ்டிமேட், சரக்குப் பதிவேட்டின் பக்கம், வங்கிக்கு நவம்பரில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட், சர்வேயரே ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட எண்ணிக்கைத் தாள். கடைசி வரியில், இறுதி மதிப்பீட்டில் இதைவிடக் குறைவாக வந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி. அவர்கள் எப்படியும் கேட்பார்கள். கேட்குமுன் கொடுத்துவிட்டால் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம்.

சம்பளம், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அவசரத்துக்கு ஒரே ஒரு காரணம் எழுதினோம். எஸ்டிமேட் கொடுத்த கம்பெனி ஆளிடம், தாமதமானால் என்னாகும் என்று எழுதித் தரச் சொன்னோம். அவர் நல்ல மனிதர், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பம்புகளை இந்த மாதத்துக்குள் பிரித்துக் கழுவினால் சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றினால் போதும், விட்டுவிட்டால் பம்பையே மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சில லட்சங்கள் கூடும் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அதிகாரிக்குத் தேவையானது அந்த நான்கு வரிதான். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பாலிசிதாரரின் கடமை. கடமையைச் செய்யக் கையில் காசு இல்லை. இன்றைக்கு 28 லட்சம் கொடுத்தால் நாளைக்கு நிறுவனம் தர வேண்டிய மொத்தம் குறையும். இப்படி எழுதினால் அது உதவி கேட்கும் கடிதமாக இருக்காது. நிறுவனத்தின் பணத்தை மிச்சப்படுத்தும் யோசனையாகிவிடும். எந்தத் தணிக்கைக்காரர் கேட்டாலும் அதிகாரி நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

பெருவெள்ளம் வரும்போதெல்லாம் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும். சர்வேயர்களை உடனே அனுப்புங்கள், முடிந்த இடத்தில் முன்பணம் கொடுங்கள் என்று. கடிதத்தில் அதை ஒரு வரியில் நினைவூட்டலாம். மிரட்டும் தொனி வேண்டாம். மிரட்டினால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகும். அங்கே போன கோப்பு சீக்கிரத்தில் திரும்பாது.

பதில் வந்தது. சர்வேயர் இடைக்கால அறிக்கை அனுப்பினார், தொகையை ஒட்டி ஒரு சின்ன விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். இந்த இடைக்கால அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. 2017-இல் வந்த விதிமுறைகளில், சர்வேயர் முதலில் வந்து பார்த்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சேதத்தின் நேரடி விவரங்களோடு இடைக்கால அறிக்கை தர வேண்டும், பாலிசிதாரர் விரும்பினால் நகல் தர வேண்டும் என்றே எழுதினார்கள். 2024-இல் விதிகளை மறுபடி மாற்றி எழுதிவிட்டார்கள் என்றாலும், கேட்கிறவருக்குத்தான் நகல் கிடைக்கும் என்கிற நடைமுறை மாறியதாக எனக்குத் தெரியவில்லை. நகலில் நம் இனம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போதே சொல்லலாம். இறுதி அறிக்கை வந்த பிறகு சொல்வது மலையேறுவது மாதிரி.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த இடத்தில் வங்கி வந்து நின்றது. இதை நான் முதலிலேயே சொல்லியிருந்தேன், இருந்தாலும் அவர் பதறிவிட்டார். கடன் வாங்கிய தொழிலின் பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கும். பணம் வங்கி வழியாகத்தான் வரும். இவருக்கு கேஷ் கிரெடிட் கணக்கு இருந்தது. அதில் எடுக்கக்கூடிய தொகை கையிருப்புச் சரக்கின் மதிப்பைப் பொறுத்தது. சரக்கில் கணிசமான பகுதி வெள்ளத்தில் போய்விட்டதால் எடுக்கும் வரம்பு சரிந்து, ஏற்கெனவே எடுத்திருந்தது வரம்புக்கு மேலே நின்றது. இந்த நிலையில் 28 லட்சம் அந்தக் கணக்கில் விழுந்தால் அதலபாதாளத்தில் விழுந்த மாதிரிதான். பற்று சரியாகும், கையில் பத்து ரூபாய் வராது. பம்பு துருப்பிடித்தபடி கிடக்கும்.

அதனால் முன்பணக் கடிதம் போன அன்றே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்திருந்தோம். வருகிற தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, இயந்திரப் பழுதுக்கான பில்களுக்கு நேராக விடுவிக்க ஒப்புதல் கேட்டு, கூடவே அதே எஸ்டிமேட்டையும் வைத்து. இயந்திரம் ஓடினால்தான் வங்கிக் கடனும் அடையும் என்பது கிளை மேலாளருக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அவரும் மண்டல அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பணம் வந்த பிறகு கேட்கத் தொடங்கியிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். முன்பே கேட்டதால் காசோலை வரும்போது அந்த ஒப்புதலும் தயாராக இருந்தது. பெயர் சொல்லக் கூடாது என்றாலும் சொல்ல வேண்டிய ஒன்று: அந்த மேலாளர் சனிக்கிழமை பிற்பகல் தானே ஷெட்டுக்கு வந்து, சேற்றில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இயந்திரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அனுப்பிய குறிப்பில் அந்த நேர்ப்பார்வை இருந்ததுதான் மண்டல அலுவலகத்தில் வேலை செய்தது.

பணம் தருமுன் நிறுவனம் ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்டது. இங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். அச்சடித்த வவுச்சர் பெரும்பாலும் இறுதித் தீர்வுக்கானது. முழுமையாகவும் முடிவாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கேட்பும் இல்லை என்று இருக்கும். எழுத்தர் கெட்டவரல்ல, அலமாரியில் இருந்ததை எடுத்து நீட்டுகிறார், அவ்வளவே. அந்த வரியை அடித்து, முன்பணமாக மட்டும், இறுதி மதிப்பீட்டுக்கு உட்பட்டு, என் உரிமைகளுக்குப் பங்கமின்றி என்று எழுதி, அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்டோம். நெருக்கடியில் கையெழுத்துப் போட்ட வவுச்சரைக் காட்டி எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது, வற்புறுத்தல் இருந்ததா என்று பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் பொகாரா பாலிஃபேப் வழக்கில் சொல்லியிருக்கிறது. வவுச்சரைக் காரணம் காட்டிப் பாலிசிதாரர் நீதிமன்றம் போவதைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐயும் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. இருந்தாலும் வழக்காடி வெல்வதைவிட ஒரு வரியை அடிப்பது லேசு.

ஜனவரி முடிவதற்குள் 28 லட்சம் வந்தது. பம்புகள் பிப்ரவரியில் பிரிக்கப்பட்டன. மூன்று இயந்திரங்கள் மார்ச்சில் ஓடத் தொடங்கின, நான்காவதில் ஒரு செர்வோ டிரைவ் ஓடிய சில வாரத்தில் புகைந்தது. உள்ளே ஈரம் தங்கி மெதுவாக அரித்திருக்கிறது. எஸ்டிமேட்டில் இல்லாத செலவு. முன்பண வவுச்சரில் கேட்பு திறந்தே இருந்ததால் அதையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

இறுதிக் கணக்கு ஆகஸ்டில் முடிந்தது. பழைய இரண்டில் ஒன்று பிழைத்தது, ஒன்று காயலான் கடைக்குப் போயிற்று. மூலப்பொருளில் பாதி வழிக்கு இருவரும் வந்தார்கள். அச்சுகள் பாலிசிக்குள் வரவில்லை. இயந்திரங்களின் அன்றைய புது விலையைப் போட்டுப் பார்த்தபோது அங்கேயும் குறைக் காப்பீடு தலைகாட்டியது. நிறுவனம் கையில் நிறுத்திவைத்த அந்த 40 சதவீதத்துக்கு அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மொத்தம் 71 லட்சம் என்று தீர்ந்து, முன்பணம் போக 43 லட்சம் கொடுத்தார்கள். கேட்ட 1 கோடியே 60 லட்சத்தில் பாதிகூட வரவில்லையே என்று அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அவர் என்னவோ அடுத்த பாலிசியில் சரக்கை 90 லட்சத்துக்கும், இயந்திரங்களை அன்றைய புது விலைக்கும் போட்டுக்கொண்டு, அச்சுகளுக்குத் தனி வரி சேர்த்து வாங்கிவிட்டார்.